பகுதி நேர பிஎச்.டி.: வேலையிடத்தில் என்.ஓ.சி. வாங்குவது எப்படி?

ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிஎச்.டி.க்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து, இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பகுதி நேர விண்ணப்பங்களில் மதிப்பெண் பட்டியலோ சாதிச் சான்றிதழோ பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். வேலையிடத்திலிருந்து வாங்கி வரும் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஒரு தாளுக்காக ஒரு பருவத்தையே தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு பிஎச்.டி. சேர நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் தம்பி ஒருவர் கொண்டுவந்த கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் மொத்தம் இரண்டு வரிதான். "இவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். இவர் மேற்படிப்பு படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை." கீழே உற்பத்திப் பிரிவு மேலாளரின் கையெழுத்து, பிரிவின் ரப்பர் முத்திரை. தாள் வெள்ளைத் தாள். அந்த மேலாளர் நல்ல மனதோடுதான் கொடுத்திருந்தார். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. காரணத்தைச் சொன்னபோது தம்பி, "ஆட்சேபனை இல்லைன்னுதானே சார் எழுதியிருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கடிதத்தில் இருக்க வேண்டிய மூன்று வாக்கியங்கள்

பிஎச்.டி. தொடர்பாகப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 நவம்பரில் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதில் பகுதி நேர பிஎச்.டி.க்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மாணவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் உரிய அதிகாரம் உள்ளவரிடமிருந்து, மாணவர் வழியாக, பல்கலைக்கழகம் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று அது சொல்கிறது. அதோடு நிற்காமல், சான்றில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது.

முதலாவது, இவர் பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார். இரண்டாவது, ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் பணிகள் இடம் தருகின்றன. மூன்றாவது, தேவைப்பட்டால் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க்கை முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

தம்பி கொண்டுவந்த கடிதத்தில் முதல் செய்தி மட்டும் பாதியாக இருந்தது. "மேற்படிப்பு" என்றுதான் இருந்ததே தவிர, என்ன படிப்பு, எங்கே, பகுதி நேரமா முழு நேரமா என்று எதுவும் இல்லை. மற்ற இரண்டும் அறவே இல்லை. நிறுவனம் உங்களை வாழ்த்துகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. உங்களுக்கு நேரம் தரப்போகிறதா என்பதைத்தான் பல்கலைக்கழகம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு முதலில் செய்ய வேண்டியது, நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப வழிமுறையைத் திறந்து அங்கே என்.ஓ.சி.க்கு மாதிரிப் படிவம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். இல்லையென்றால் மேலே சொன்ன மூன்றையும் வைத்து நீங்களே வரைவு தயாரிக்க வேண்டியதுதான். எந்த நிலையில் கேட்கிறார்கள் என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சில இடங்களில் விண்ணப்பத்தோடு கேட்பார்கள், சில இடங்களில் நேர்காணலில், சில இடங்களில் சேரும் நாளில்.

கேட்பதற்கு முன் உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள்

வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு அந்தக் காகிதத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு படிப்பில் சேர முன் அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? நிறுவனத்தின் தகவல்களை வெளியே சொல்லக்கூடாது, வேலையில் இருக்கும்போது கண்டுபிடிப்பது எதுவானாலும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது? பயிற்சிக்கால ஒப்பந்தமோ பாண்டோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? தகுதிகாண் காலம் முடியாதவர்களுக்குச் சான்று தருவதில்லை என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் அது முடிந்தபிறகு கேட்பதே நல்லது. ஒருமுறை "இல்லை" என்று பதிவான பிறகு அதை "ஆம்" ஆக்குவதற்கு இரண்டு மடங்கு அலைய வேண்டியிருக்கும்.

யாரிடம் முதலில் கேட்பது, யார் கையெழுத்திட வேண்டும்

இவை இரண்டும் வேறு வேறு ஆட்கள். முதலில் கேட்க வேண்டியது உங்கள் நேரடி மேலாளரிடம், அதுவும் நேரில், வாய்மொழியாக. அவரைத் தாண்டி நேராக எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், எச்.ஆர். அதை அவருக்கே திருப்பி அனுப்பி "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பார்கள். தன்னிடம் சொல்லாமல் போன விஷயத்துக்கு எவரும் நல்ல கருத்து எழுதமாட்டார். மேலாளர் சரி என்றபின் எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள், மேலாளருக்கும் ஒரு நகல் வையுங்கள்.

கையெழுத்திட வேண்டியவர் வேறு. விதி சொல்லும் "உரிய அதிகாரம் உள்ளவர்" என்பவர், நிறுவனத்தின் பெயரில் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர். பெரிய நிறுவனத்தில் எச்.ஆர். தலைவர் அல்லது அதற்கென்று நியமிக்கப்பட்ட கையொப்பதாரர். சிறு நிறுவனத்தில் முதலாளியோ பங்குதாரரோ. தனியார் கல்லூரி ஆசிரியர் என்றால் முதல்வர் அல்லது நிர்வாகச் செயலாளர். டீம் லீடரோ பிரிவு மேலாளரோ எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அவர் கையெழுத்து போதாது. அரசு ஊழியர்களுக்கு வழி தனி. துறைத் தலைமை வழியாக, அலுவலக ஒழுங்குப்படி விண்ணப்பித்து அனுமதி ஆணை பெற வேண்டும். அது நிறுவனக் கடிதத்தைவிட நாள் எடுக்கும் என்பதால் இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள்.

தனியார் நிறுவனத்தில் கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்னால் கேட்கத் தொடங்கினால் போதுமானது. கடிதம் ஒருமுறையாவது திருத்தத்துக்குத் திரும்பும் என்று வைத்துக்கொண்டே நாளைக் கணக்கிடுங்கள். பல பல்கலைக்கழகங்களில் சனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு பருவங்கள்தான். ஒன்று போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாக்கியம்தான் சண்டை நடக்கும் இடம்

முதல் கடிதம் திரும்பியபின் தம்பி மூன்று செய்திகளையும் எழுதி எச்.ஆரிடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து லெட்டர்ஹெட்டில், சரியான கையெழுத்தோடு கடிதம் வந்தது. ஆனால் மூன்றாவது வாக்கியம் மாறியிருந்தது: "பணி நேரம் எவ்வகையிலும் பாதிக்கப்படாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு." கூடவே, "வகுப்புகளுக்காக விடுப்பு வழங்கப்படமாட்டாது" என்ற வரி ஒன்றும் இருந்தது.

இது முதல் கடிதத்தைவிடச் சிக்கலானது. "அலுவலகப் பணிக்கு இடையூறு இல்லாமல்" என்பது போன்ற பொதுவான சொற்றொடரைப் பெரும்பாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் விடுப்பு தரமாட்டோம் என்ற வரி, கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்ற வரிக்கு நேர் எதிர். வாங்கிய கடிதத்தை நீங்களே சோதிக்க எளிய வழி இருக்கிறது. மூன்று செய்திகளையும் தனித்தனியாகப் படித்துவிட்டு, கடிதத்தின் வேறு ஏதாவது வரி அவற்றில் ஒன்றை ரத்து செய்கிறதா என்று பாருங்கள். ரத்து செய்தால் அந்தக் கடிதம் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஆர். ஏன் இப்படி எழுதுகிறார்கள்? கெட்ட எண்ணத்தால் இல்லை. "பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்" என்று படித்ததும், சம்பளத்தோடு ஆறு மாதம் அனுப்ப வேண்டுமோ என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. கோர்ஸ் ஒர்க் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்.

தம்பியோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். யுஜிசி விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அவருக்கு அது நான்கு பாடங்களாக, இரண்டு பருவங்களில், சனிக்கிழமை காலை வகுப்புகளாக அமைந்திருந்தது. ஒரு பருவத்துக்குச் சுமார் 15 சனிக்கிழமை என்றால் மொத்தம் 30. தொழிற்சாலைக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. 30 நாள் விடுப்பு என்று கேட்டால் எந்த எச்.ஆரும் அதிர்ந்துபோவார். சட்டப்படி தொழிற்சாலையில் உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. ஆண்டுக்கு 240 நாள் வேலைக்குப் போனால் கிடைப்பது 12 நாள்தான். அதை வைத்து 30-ஐச் சமாளிக்க முடியாது.

ஆனால் வகுப்பு மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும், இரண்டாவது ஷிப்டு மூன்றரை மணிக்குத்தான் தொடங்கும். சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டாவது ஷிப்டு கேட்டால் அந்த 30 நாளும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. மீதி இருப்பது தேர்வு நாட்கள் நான்கு, பருவத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டிய நாள், அதாவது ஆண்டுக்கு இரண்டு, அப்புறம் கைடு கூப்பிடும் நாட்களுக்கென்று மூன்று நான்கு. எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து நாளுக்குள். அதை அவருடைய சொந்த விடுப்பிலேயே எடுத்துக்கொள்ளலாம், போதாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் எச்.ஆரைப் பார்த்தார். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். ஷிப்டு மாற்றத்துக்கு மேலாளர் ஒப்புக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். விடுவிப்பு என்பது சம்பளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. இதை எச்.ஆருக்குச் சொல்லிவிட்டாலே பாதி பயம் போய்விடும்.

உங்கள் கோர்ஸ் ஒர்க் வார நாட்களில் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். அப்போதும் இதே மாதிரி நாள் நாளாக எழுதிக் காட்டுங்கள். அப்படி எழுதும்போது நாட்களே கூடிவரவில்லை என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தில் உங்களால் படிக்க முடியாது என்பது சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்

வெறுமனே "ஒரு சான்று வேண்டும்" என்று கேட்காமல், வரைவையும் தட்டச்சு செய்து கையில் கொடுங்கள். எச்.ஆர். தங்கள் கோப்பில் இருக்கும் பழைய மாதிரியை எடுத்தால் அது பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ எழுதியதாக இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். பொருள் தெளிவாகப் புரியட்டும் என்று இங்கே தமிழில் தருகிறேன்.

> (நிறுவனத்தின் லெட்டர்ஹெட்)
>
> கடித எண், தேதி
>
> பெறுநர்: பதிவாளர் / ஆராய்ச்சி இயக்குநர், (பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்)
>
> பொருள்: பகுதி நேர பிஎச்.டி. படிப்புக்குத் தடையில்லாச் சான்று
>
> திரு. ______, பணியாளர் எண் ____, எங்கள் நிறுவனத்தில் ______ தேதி முதல் ______ பதவியில் முழு நேரப் பணியாளராக உள்ளார்.
>
> அவர் தங்கள் பல்கலைக்கழகத்தில் ______ துறையில், 20__ ஜூலை பருவம் முதல், பகுதி நேரமாக பிஎச்.டி. பயில அனுமதிக்கப்படுகிறார்.
>
> ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் ஒதுக்க அவருடைய அலுவல் பணிகள் இடம் தருகின்றன.
>
> தேவைப்படும்போது கோர்ஸ் ஒர்க்கை முடிக்க அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். அந்நாட்கள் நிறுவனத்தின் விடுப்பு விதிகளின்படி கணக்கிடப்படும்.
>
> கையொப்பம், பெயர், பதவி, நிறுவன முத்திரை, அலுவலகத் தொலைபேசி

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "விடுப்பு விதிகளின்படி" என்ற சொற்கள் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு, விடுவிப்போம் என்ற உறுதியையும் அவை தொடுவதில்லை. தம்பியின் மூன்றாவது கடிதத்தில் நாங்கள் வைத்தது இந்த வரியைத்தான்.

"சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக முகவரியிட்ட கடிதம் வேண்டாம். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் இரண்டு கடிதமாகவே வாங்குங்கள். பெயர் உங்கள் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட. முத்திரையில் உள்ள நிறுவனப் பெயரும் லெட்டர்ஹெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனம் பெயர் மாறியபின் பழைய முத்திரையை வைத்திருக்கும் இடங்கள் நிறைய. சான்று கைக்கு வந்ததும் ஒரு நகலை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள்.

நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்துவதென்றால் அதற்குத் தனிக் கடிதம்

இது பலருக்கும் தோன்றாத இடம். தம்பி ஆராய்ச்சிக்கு எடுத்தது பம்பு இம்பெல்லர் வார்ப்புகளில் வரும் குறைகளை. தொழிற்சாலையின் நிராகரிப்புப் பதிவேடுதான் அவருடைய தரவு. படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் அந்தப் பதிவேட்டைப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை.

பிஎச்.டி. ஆய்வேடு முடிந்ததும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கு முன்பே ஆய்விதழ்களில் கட்டுரைகள் வரும். நிறுவனம் காப்புரிமை எடுக்க நினைக்கும் ஒரு செய்முறை, விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் கட்டுரையில் வெளியாகிவிட்டால் அது புதியது என்ற தகுதியையே இழந்துவிடும். ஐந்தாம் ஆண்டில் ஆய்வேட்டை எழுதி முடித்தபின் சட்டப் பிரிவு வந்து "இந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்?

எனவே தொடக்கத்திலேயே பேசுங்கள், ஆனால் என்.ஓ.சி.யோடு சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் தரவு பற்றிய கேள்விக்காகப் படிப்புக்கான அனுமதியும் சட்டப் பிரிவின் மேசையில் கிடக்கும். முதலில் என்.ஓ.சி. வாங்கிச் சேருங்கள். தலைப்பு உறுதியானதும் எந்தப் பதிவேடு, எந்த ஆண்டுகள், பெயர்களும் வாடிக்கையாளர் விவரங்களும் நீக்கப்படுமா, வெளியிடும் முன் யாரிடம் காட்ட வேண்டும் என்று எழுதித் தனியாக அனுமதி பெறுங்கள். நிறுவனம் கடைசிவரை தரவு தரமாட்டேன் என்றாலும் படிப்பு நின்றுவிடாதபடி, அதைச் சாராத தலைப்பு ஒன்றையும் கைடோடு பேசி வைத்திருங்கள்.

சேர்ந்த பிறகு

பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதற்குமேல் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். இவ்வளவு நாளில் பலர் வேலை மாறிவிடுவார்கள். பழைய நிறுவனத்தின் சான்று அந்த நிறுவனத்தோடு முடிந்துவிடும். புதிய வேலையில் சேருவதற்கு முன்பே, ஆஃபர் கடிதம் பேசும் நேரத்திலேயே பிஎச்.டி. பற்றிச் சொல்லிவிடுங்கள். சேர்ந்ததும் புதிய சான்று வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவியுங்கள். வேலையே இல்லாமல் போனாலும் தெரிவிக்க வேண்டும், பகுதி நேரத்திலிருந்து முழு நேரத்துக்கு மாற வழி உண்டா என்று அப்போது கேட்கலாம். சொல்லாமல் விட்டு, ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில் பணி விவரம் கேட்கும்போது இடைவெளி தெரியவந்தால் விளக்கம் கொடுப்பது பெரும்பாடு.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோர்ஸ் ஒர்க் வகுப்பில் கையெழுத்திட்ட அதே நாளில் உங்கள் கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் முழு நாள் பணி என்று இருக்கக்கூடாது. கல்லூரியைச் சோதிக்க வருபவர்கள் இரண்டு பதிவேட்டையும் ஒப்பிட்டால் சிக்கிக்கொள்வது நீங்கள்தான். வகுப்புக்குப் போன நாளை விடுப்பாகவோ ஆன் டியூட்டியாகவோ எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

தெரிந்தவர் ஒருவரின் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகச் சான்று வாங்கிச் சேர்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, படிவம் 16 இவற்றில் ஒன்றைக் கேட்டாலே பொய் வெளியே வந்துவிடும். ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு பதிவு ரத்தாவதைத் தாங்க முடியாது.

மறுத்துவிட்டால்

தனியார் நிறுவனம் என்.ஓ.சி. தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மறுப்பு எதற்கு என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரம்தான் காரணம் என்றால் மேலே சொன்ன நாள் கணக்கு உதவும். தரவு கசியும் என்ற பயம் என்றால், நிறுவனத்தைச் சாராத தலைப்பைக் காட்டுங்கள். படிப்பு முடிந்ததும் வேறிடம் போய்விடுவார் என்ற எண்ணம் என்றால் சில நிறுவனங்கள் பாண்டு கேட்கும். எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் பார்க்காமல் அதற்குத் தலையாட்டாதீர்கள். நிறுவனம் கட்டணம் எதுவும் தராதபோது பாண்டு கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

சான்று தேவைப்படாத தொலைதூர வழி பிஎச்.டி. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொலைதூர வழியிலோ இணைய வழியிலோ பிஎச்.டி. நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. மறுத்த நிறுவனத்தில் அடுத்த பருவத்துக்கு மறுபடியும் கேட்கலாம். மேலாளர் மாறியபின் அதே கடிதத்துக்கு ஒரே நாளில் கையெழுத்து விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் மூன்றாவது கடிதம் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் என் மேசைக்கு வந்தது. லெட்டர்ஹெட், கடித எண், மூன்று வாக்கியங்கள், எச்.ஆர். தலைவரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. இனிஷியல் மட்டும் இடம் மாறியிருந்தது. அன்று மாலையே போய்த் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.